பதிவுகளை நாங்கள் அழிக்கவில்லை: வாடிக்கையாளர்களுக்கு வடசேரியிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள டீச்சர்மாருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும்,

நம்ம நாட்டிய நகைக் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கம் ஜூன் 11 ராத்திரி மோசடிக்காரன் ஒருவன் கைக்குப் போனது உங்களில் பலருக்குத் தெரியும். ஜூன் 30 அன்று திரும்பக் கிடைத்தது. அதற்குப் பிறகும் பக்கம் கொஞ்சம் கோணல்மாணலாகத்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

உண்மையைச் சொன்னால், பக்கம் போனதைவிட மனசுக்குக் கஷ்டமாக இருந்தது டான்ஸ் டீச்சர்மார் வாட்ஸாப் குழு ஒன்றில் சுற்றிய பேச்சுதான். "கடைக்காரரே பழைய பதிவுகளை அழித்துவிட்டு, குறை சொன்ன கமெண்ட்டுகளையும் தூக்கிவிட்டு, அதே படங்களைப் புதுசு மாதிரி போடுகிறார்" என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு அப்படித் தோன்றும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடந்தது வேறு.

பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகித் திருவனந்தபுரம் போனபின் நானேதான் பார்த்துவந்தேன். "உங்கள் படத்தின் மேல் காப்புரிமைப் புகார் வந்திருக்கிறது, 24 மணி நேரத்தில் பதில் தராவிட்டால் பக்கம் முடக்கப்படும்" என்று ஒரு செய்தி. ராக்கொடிக்கும் சூரியப்பிறைக்கும் எவன் காப்புரிமை கேட்பான் என்று அப்போது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அதிலிருந்த லிங்கில் பாஸ்வேர்டைப் போட்டேன். லாகினை உறுதி செய்யும் கோடு எண் அந்தப் பெண்ணின் பழைய எண்ணுக்குத்தான் போகும், அவளிடம் போன் போட்டுக் கேட்டு அதையும் நானே போட்டேன். பத்து நிமிடத்தில் மெயில் முகவரியும் போன் எண்ணும் மாறிவிட்டன. மெயில் மாறியதைச் சொல்லி security@mail.instagram.com என்ற முகவரியிலிருந்து, மாற்றத்தை ரத்து செய்யும் லிங்கோடு ஒரு மெயில் வந்திருந்தது. கடை மெயிலை நான் வாரத்துக்கு ஒருதரம்தான் திறப்பேன். பார்த்தபோது அந்த லிங்க் வேலை செய்யவில்லை.

instagram.com/hacked வழியாக முயன்றபோது முகத்தை வீடியோ எடுத்துக் காட்டும் வழி எனக்கு உதவவில்லை. கணக்கில் உள்ள படங்களோடு முகத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நம்ம பக்கத்தில் ஜிமிக்கியும் ஒட்டியாணமும்தான், என் மூஞ்சி எங்கும் இல்லை. கடைசியில் கணக்கு தொடங்கிய மெயிலையும் போன் எண்ணையும் வைத்து உறுதி செய்து திரும்ப வாங்கினோம்.

உள்ளே போய்ப் பார்த்தால் 612 பதிவுகளில் 72தான் மிச்சம். எல்லாம் அழிந்தது என்று உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் மகன்தான் சொன்னான், காணாமல் போனவை எல்லாம் ஒரே இடத்துக்குப் போவதில்லை என்று. ஆக்கிரமித்தவன் சிலவற்றை Archive-இல் ஒதுக்கியிருந்தான். அங்கே போனது அழிவதே இல்லை, கெடுவும் கிடையாது. 130 பதிவுகளை அங்கிருந்து அப்படியே எடுத்தோம். மற்றவற்றில் பெரும்பாலானவை Your activity என்பதற்குள் Recently deleted என்ற இடத்தில் இருந்தன. அழித்த நாளிலிருந்து 30 நாள் மட்டுமே அங்கே இருக்கும். எங்களுக்கு 19 நாள் ஏற்கெனவே போய்விட்டது. 11 நாள்தான் பாக்கி.

அவசரத்தில் ஒரு தப்பு செய்தேன். பாஸ்வேர்டை மாற்றிவிட்டு அன்று ராத்திரியே 40 பதிவுகளை மீட்டேன். காலையில் பார்த்தால் நாற்பதும் மறுபடி காணவில்லை! Accounts Center-இல் அவன் தன்னுடைய ஃபேஸ்புக் கணக்கு ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தான். நான் பாஸ்வேர்டை மாற்றினாலும் அவன் அந்த வழியாக வந்து போய்க்கொண்டிருந்தான். நல்லவேளை, நாற்பதும் மறுபடி அந்த முப்பது நாள் குப்பைக்குள்தான் கிடந்தன. அந்தக் கணக்கை நீக்கி, தெரியாத போன்களையெல்லாம் லாக் அவுட் செய்து, அவனுடைய மெயிலையும் எண்ணையும் எடுத்து, கோடு வர ஆப் ஒன்றை என் போனிலேயே வைத்தபிறகுதான் மீட்கும் வேலையை மறுபடி தொடங்கினோம். ஒரே மூச்சில் மீட்டபோது கொஞ்ச நேரம் கழித்து வரச்சொல்லி நிறுத்திவிட்டது. அதனால் நாலு நாள் பிரித்துச் செய்தோம். 320 பதிவுகள் வந்தன. இவை தங்கள் பழைய தேதியிலேயே, பழைய இடத்திலேயே, உங்கள் கமெண்ட்டுகளோடும் லைக்குகளோடும் உட்கார்ந்துவிட்டன. குறை சொன்ன கமெண்ட்டுகளும் சேர்ந்துதான் வந்தன, போய்ப் பார்க்கலாம்.

பேச்சு கிளம்பியது மீதி 90 பதிவுகளால். குப்பையிலிருந்தும் நிரந்தரமாக அழிக்க ஒரு கோடு கேட்கும். மெயிலையே அவன் மாற்றிவிட்டதால் அந்தக் கோடும் அவனுக்கே போனது. அப்படிப் போனதைத் திரும்ப எடுக்க வழியில்லை. 2023 ஜனவரியில் அந்தப் பெண் கணக்கின் தகவல்களை டவுன்லோட் செய்து பெட்டிக்கடை பென் டிரைவ் ஒன்றில் போட்டு வைத்திருந்தாள், அவளுக்குப் புண்ணியம். அதில் 52 படங்கள் தலைப்பு வாசகத்தோடு இருந்தன. பட்டறை ஆசாரியின் போனில் 12 கிடைத்தன. ஆனால் அந்தக் கோப்பில் நாம் எழுதியதுதான் இருக்கும், மற்றவர்கள் நமக்கு எழுதிய கமெண்ட்டுகள் இருக்காது. இன்ஸ்டாகிராமில் பழைய தேதி போட்டுப் பதிவிடவும் முடியாது. ஆகவே இந்த 64 படங்களும் இன்றைய தேதியோடு, கமெண்ட் ஒன்றுமில்லாமல், மேலே வந்து நிற்கின்றன. 2019இல் செய்த ஜடைநாகம் புதுசு மாதிரி தெரிவது இதனால்தான். நான் ஒளித்ததால் அல்ல. உங்கள் போனை நிறைக்க வேண்டாமே என்று நாளைக்கு மூன்று படம் மட்டும் போடுகிறோம். இனி ஒவ்வொன்றின் முதல் வரியிலும் "முதலில் போட்டது: 2019 மார்ச்" என்று எழுதுவோம். இதை முதல் நாளே செய்திருக்கலாம், அது என் குறைதான்.

ஹைலைட்ஸ் மட்டும் லேசாக முடிந்தது. அவன் வட்டங்களைத்தான் அழித்திருந்தான். ஸ்டோரிகள் ஆர்க்கைவில் பத்திரமாக இருந்ததால் மறுபடி கோத்துவிட்டோம்.

பாதி விலை ஆஃபர் என்று அவன் போட்ட கியூஆர் கோடில் இரண்டு பேர் முன்பணம் அனுப்பியிருக்கிறார்கள். 1930க்கு அழைத்துப் புகார் செய்யச் சொன்னோம், நாங்களும் cybercrime.gov.in-இல் பதிந்திருக்கிறோம். அந்தப் பணம் எங்களுக்கு வரவில்லை. ஆனாலும் அந்த இருவருக்கும் செய்கூலி இல்லாமல் செய்து தருகிறோம். மெசேஜில் நீங்கள் அனுப்பிய விலாசங்களையும் போன் எண்களையும் அவன் பார்த்திருக்கக்கூடும், கடைப் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கடைக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். மீண்டு வந்த பழைய பதிவுகளில் உள்ள விலை அன்றைய வெள்ளி விலைக்குப் போட்டது.

இந்த மூன்று வாரமும், பக்கம் இல்லை என்றாலும் அரங்கேற்றத்துக்கு செட் வேண்டும் என்று நேரில் வந்தவர்களையும், அமெரிக்காவிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்குப் போன் போட்டு "அண்ணாச்சி, நீங்கதானே பேசறீங்க?" என்று உறுதி செய்துகொண்டு ஆர்டர் தந்தவர்களையும் மறக்கமாட்டோம். நன்றி என்று ஒரு வார்த்தையில் சொன்னால் போதாது.

இன்னும் 26 படங்கள் கிடைக்கவில்லை. எல்லாம் 2023 பிப்ரவரிக்குப் பிறகு செய்த கெம்பு செட்டுகள். உங்கள் பிள்ளை போட்டு ஆடிய படத்தில் நம்ம கடையை டேக் செய்திருந்தால், அது உங்கள் பக்கத்தில் இருப்பதால் அவனால் தொட முடிந்திருக்காது. கொஞ்சம் தேடிப்பாருங்கள். வாட்ஸாப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்பினால் கல்லின் நிறம் மங்காமல் வரும். பிள்ளையின் முகம் வேண்டாம் என்றால் நெற்றிச்சுட்டி வரைக்கும் வெட்டி அனுப்பினாலும் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வடசேரி கடைக்காரர்