என் கடை நோட்டில் உள்ள எண்களைத் தர இயலாது

மதிப்பிற்குரிய கடைவீதி வணிகர் சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

தீபாவளிக்குப் பொது விளம்பரம் அனுப்ப வேண்டும், ஆகவே ஒவ்வொரு கடையும் தன்னிடம் உள்ள வாடிக்கையாளர் கைபேசி எண்களை எக்செல் கோப்பாகவோ நோட்டுப் பக்கத்தின் படமாகவோ சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்று சென்ற வாரம் சுற்றறிக்கை வந்தது. நாற்பது கடைகளின் எண்களும் ஒன்று சேர்ந்தால் பல ஆயிரம் பேருக்குச் செய்தி போகும் என்ற கணக்கு எனக்கும் புரிகிறது. ஆனாலும் என் கடையின் எண்களை நான் தரப்போவதில்லை. காரணத்தைக் கூட்டத்திலேயே சொல்ல எழுந்தேன். அதற்குள் போண்டா வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் இதையே சிறிய அளவில் செய்தேன். சேலைக்கு ஃபால்ஸ் தைக்க, பிளவுஸ் தைக்கக் கொடுப்பவர்களிடம் வேலை முடிந்ததும் கூப்பிடுவதற்காக எண் வாங்கி நோட்டில் எழுதுவது எங்கள் வழக்கம். அந்த நோட்டிலிருந்து நூற்றெண்பது எண்களை எடுத்து ‘புது வரவு’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். நாலாம் நாள் ஒரு வாடிக்கையாளர் கடைக்கு வந்தார். குழுவில் இருந்த யாரோ ஓர் ஆள் இரவு பதினொரு மணிக்கு அவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறான். “அக்கா, பிளவுஸ் தைத்து முடித்ததும் கூப்பிடத்தானே நான் எண் கொடுத்தேன்?” என்று கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை. அன்றே குழுவைக் கலைத்தேன். ஆனால் நாலு நாளில் யார் யார் எந்தெந்த எண்ணைச் சேமித்துக்கொண்டார்களோ, அதைக் கலைக்க என்னால் முடியாது. அவருடைய தங்கை கல்யாணத்துக்குப் புடவை எங்கே எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். என் கடையில் இல்லை.

குழு என்பது வேறு, ஒலிபரப்புப் பட்டியல் என்பது வேறு என்று அப்போது எனக்குத் தெரியாது. குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பட்டியலில் அனுப்பும்போது ஒவ்வொருவருக்கும் அது தனிச் செய்தியாகவே போய்ச் சேரும், பதிலும் தனியாகவே வரும். ஆனால் பட்டியல் வசதி தெரிந்திருந்தாலும் என் தவறு பாதிதான் குறைந்திருக்கும். தையலுக்குக் கொடுத்த எண்ணை விளம்பரத்துக்கு எடுத்தது அப்படியே நின்றிருக்கும்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, இதைக் கிட்டத்தட்ட நம் கல்லாவில் உட்கார்ந்து எழுதியது போலவே சொல்கிறது. அதில் ஒரு மருந்துக்கடை எடுத்துக்காட்டு வருகிறது. பணம் பெற்றதற்கான ரசீதைக் கைபேசிக்கு அனுப்பும்படி ஒரு பெண் தானாகவே எண் கொடுக்கிறார். அந்த எண்ணைக் கடை ரசீது அனுப்பப் பயன்படுத்தலாம் என்பதோடு எடுத்துக்காட்டு முடிந்துவிடுகிறது. விளம்பரத்துக்குத் தனியாகக் கேட்க வேண்டும். எதற்காக என்று சொல்லிக் கேட்க வேண்டும். வாடிக்கையாளர் தாமாக, தெளிவாக ஆம் சொல்ல வேண்டும். சொன்ன ‘ஆம்’ எவ்வளவு எளிதோ, பின்வாங்குவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. நம்மைப் போன்ற கடைகளைத் தொடும் கடமைகளுக்கு அந்த நாளிலிருந்து பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. நோட்டு நோட்டாகவே இருக்கும்வரை இந்தச் சட்டம் அதைத் தொடாது. படமெடுத்துக் கோப்பாக்கிய நிமிடத்தில் அது சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. சுற்றறிக்கை நம்மைச் செய்யச் சொல்வது சரியாக அதைத்தான்.

சட்டத்தை விடுங்கள். நம் பற்று நோட்டை அடுத்த கடைக்காரருக்குக் காட்டுவோமா? யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை வீட்டில்கூடச் சத்தமாகப் படிக்க மாட்டோம். எண்ணை மட்டும் ஏன் பந்தி இலை போல வரிசையாகப் பரப்பி வைக்கிறோம்?

இனி, இந்தத் திட்டம் நினைத்தபடி வேலை செய்யுமா என்று பாருங்கள். சாதாரண வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் ஒரு ஒலிபரப்புப் பட்டியலுக்கு 256 பேர்தான். அதைவிட முக்கியமானது, நம் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே பட்டியல் செய்தி போய்ச் சேரும். சங்கம் இதற்காக வாங்கப்போகும் புது எண்ணை எந்த வாடிக்கையாளர் சேமித்து வைத்திருக்கிறார்? ஆயிரக்கணக்கான எண்களை ஏற்றி அனுப்பினாலும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே போகாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பத் தொடங்கினால், முகம் தெரியாத எண் என்று பலர் தடை செய்வார்கள், புகார் கொடுப்பார்கள், சங்கத்தின் எண்ணே முடக்கப்படும். குறுஞ்செய்தி நிறுவனம் ஒன்று எண்களை மட்டும் கொடுத்தால் போதும் என்று சொன்னதாகச் செயலாளர் கூறினார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 ஒழுங்குமுறைப்படி, வணிகச் செய்தி அனுப்புகிறவர் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் தம் பெயரையும் அனுப்புநர் தலைப்பையும் செய்தி வாசகத்தையும் பதிவு செய்திருக்க வேண்டும். அதெல்லாம் தேவையில்லை என்று ஒருவர் சொன்னால், அவர் சாதாரணப் பத்து இலக்க எண்களிலிருந்துதான் அனுப்பப்போகிறார். அந்தப் புகாரில் வருவது நம் கடைகளின் பெயர்.

குழுவைக் கலைத்த பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். பழைய நோட்டில் 412 எண்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுக்குக்கூட ‘சம்மதமா’ என்று கேட்டுச் செய்தி அனுப்பவில்லை. கேட்காமல் அனுப்பியதற்கு மன்னிப்பாக, கேட்காமல் இன்னொன்று அனுப்புவதா? அவர்கள் மறுபடி கடைக்கு வரும்போது நேரில் கேட்டேன். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியிலேயே கடைக்கான கியூஆர் குறியீடு கிடைக்கிறது. ஸ்கேன் செய்தால் நாம் முன்கூட்டியே எழுதி வைத்த வாசகத்துடன் நம் எண்ணுக்கு அரட்டை திறக்கும். நான் எழுதி வைத்தது இது:

‘புது வரவு, தள்ளுபடி பற்றி மாதத்துக்கு அதிகபட்சம் இரண்டு செய்தி இந்தக் கடை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். வேண்டாம் என்றால் நிறுத்து என்று அனுப்புவேன்.’

வாடிக்கையாளர் படித்துப் பார்த்து, பிடித்தால் அவரே அனுப்பு பொத்தானை அழுத்துகிறார். நாம் எண்ணைத் தப்பாக எழுத வழியில்லை. தேதியும் நேரமும் அவருடைய சொல்லும் அரட்டையிலேயே பதிந்துவிடுகின்றன. நாளைக்கு யாராவது ‘நான் எப்போது ஒப்புக்கொண்டேன்’ என்று கேட்டால் காட்ட முடியும். “எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் செய்தி வராது” என்பதையும் அங்கேயே சொல்லிவிடுகிறோம்.

கைபேசியில் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அதே வாசகம் அச்சடித்த சிறு சீட்டு இருக்கிறது. அதில் இரண்டு கட்டங்கள், இரண்டும் காலியாக இருக்கும். ஒன்று தையல் முடிந்ததும் கூப்பிட, மற்றொன்று விளம்பரத்துக்கு. முன்பே டிக் போட்ட கட்டம் சம்மதம் ஆகாது. எழுதிய சீட்டை உண்டியல் போலத் துளையுள்ள டப்பாவில் போடுகிறார்கள். திறந்த நோட்டில் எழுதச் சொன்னால், அடுத்து நிற்பவர் முந்தைய இருபது பெண்களின் பெயரையும் எண்ணையும் படித்துக்கொண்டே காத்திருப்பார். விளம்பரம் வேண்டாம் என்றவருக்கும் பில் போடுகிறோம், தைத்தும் கொடுக்கிறோம். எண் கொடுத்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே நுகர்வோர் விவகாரத் துறை சில்லறைக் கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

ஒன்பது மாதத்தில் 163 பேர் ஆம் சொன்னார்கள். 412-க்குப் பக்கத்தில் சின்ன எண்தான், என் கணவர் சிரித்தார். ஆனால் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் Info பகுதியைத் திறந்தால் யார் யாருக்குச் சேர்ந்தது என்று பெயரோடு தெரியும். 140-க்கு மேல் ஒவ்வொரு முறையும் சேர்கிறது. சேராத பெயர்கள் தொடர்ந்து அதேதான் என்றால், அவர்கள் நம் எண்ணைச் சேமிக்கவில்லை, அல்லது எண்ணை மாற்றிவிட்டார்கள். இதைக் கவனிப்பது அவசியம். நம் நாட்டில் துண்டிக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம். பத்து வருட நோட்டில் உள்ள எண் இன்று யாருடையதோ. ஆறு மாதம் சேராத எண்ணை நான் எடுத்துவிடுகிறேன்.

வைத்திருக்கும் முறை பெரிய வித்தையில்லை. கடைக்கென்று தனிக் கைபேசி, இரவில் அது கல்லாவுக்குள். திரைக்குப் பூட்டு, வாட்ஸ்அப்புக்கு இரட்டைச் சரிபார்ப்பு எண். பதிவேட்டில் எண், அழைக்கும் பெயர், சம்மதித்த தேதி, நிறுத்தச் சொன்ன தேதி, அவ்வளவே. பிறந்தநாளும் முகவரியும் கேட்பதில்லை. இல்லாததைத் திருட முடியாது. யாராவது ‘நிறுத்து’ என்றால் அன்றே பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, அந்த எண்ணை மட்டும் ‘வேண்டாம்’ பட்டியலில் வைக்கிறேன். இல்லாவிட்டால் பழைய நோட்டைப் பார்த்துப் புதுப் பையன் மறுபடி சேர்த்துவிடுவான். ஒருமுறை அப்படி நடந்தது. வேலையை விட்டுப் போன பெண்ணின் மடிக்கணினியில் எங்கள் வாட்ஸ்அப் இரண்டு மாதம் திறந்தே கிடந்ததும் நடந்தது. இப்போது ஒருவர் நின்றால், அன்று மாலையே Linked devices பட்டியலைத் திறந்து பார்த்து அவருடைய கருவியை வெளியேற்றுகிறேன்.

சங்கத்துக்கு வருகிறேன். சங்கம் பொது விளம்பரம் அனுப்புவதில் எனக்கு மறுப்பில்லை. சங்கத்தின் பெயரிலேயே ஒரு கியூஆர் அட்டை அடித்து எல்லாக் கடைக் கல்லாவிலும் வையுங்கள். ‘நாற்பது கடைகளின் தள்ளுபடிச் செய்தி வரும்’ என்று அதில் நேராக எழுதுங்கள். விரும்புகிறவர்கள் தாமே அனுப்பட்டும். என் கல்லாவில் அந்த அட்டையை முதல் ஆளாக வைக்கிறேன்.

ஆனால் அதற்கு முன் அவசரமாக ஒன்று இருக்கிறது. பதினான்கு கடைகள் ஏற்கெனவே குழுவில் பக்கங்களைப் போட்டுவிட்டன. ஒரு படத்தில் எண்ணுக்கு எதிரே பாக்கித் தொகையும் தெரிகிறது. அனுப்பி இரண்டரை நாள் கடந்த செய்தியை எல்லோருக்குமாக அழிக்க வாட்ஸ்அப் விடாது. குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் தத்தம் கைபேசியில், அரட்டையிலிருந்தும் தானாக இறங்கிய படத் தொகுப்பிலிருந்தும், அதைத் தாமே அழிக்க வேண்டும். செயலாளர் இன்று இரவே இதைக் குரல் செய்தியாகச் சொல்லுங்கள். எழுத்தில் போட்டால் நம் ஆட்கள் படிக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
தெற்குப் பக்கத் துணிக்கடைக்காரி