லிமிட் உயர்த்தும் செய்தியில் ஒரு வரி சேருங்கள்

வங்கிகளின் கிரெடிட் கார்டு பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். போன வருடம் ஒரே மாதத்தில் எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கு லிமிட் உயர்த்தும் செய்தி வந்தது. ஒன்று எனக்கு, இன்னொன்று என் மைத்துனருக்கு. இரண்டிலும் ஒரே வாசகம்தான்: வாழ்த்துகள், கூடுதல் லிமிட்டுக்கு நீங்கள் தகுதி பெற்றிருக்கிறீர்கள், சம்மதம் என்றால் YES என்று அனுப்புங்கள். இரண்டு பேருமே அனுப்பினோம். எனக்கு அது உதவியது, அவரை இன்னும் ஆழமான கடனில் இறக்கியது. அதனால்தான் இந்த மடல்.

என் லிமிட் அப்போது 80,000 ரூபாய். கம்பெனி வேலைக்கான ரயில் டிக்கெட், ஹோட்டல் எல்லாம் என் கார்டில்தான் போகும். மாதம் 45,000 வரை ஆகும். கம்பெனி அந்தப் பணத்தைக் கொடுத்துவிடும், நானும் கெடுவுக்குள் முழு பில்லையும் கட்டிவிடுவேன். ஒரு ரூபாய் வட்டி கட்டியதில்லை. ஆனாலும் சிபில் கணக்கில் லிமிட்டில் 56 சதவீதத்தைத் தின்கிற ஆளாகத்தான் தெரிந்தேன். குறிப்பிட்ட நாளில் கார்டில் நிற்கிற பாக்கியைத்தான் நீங்கள் அனுப்புகிறீர்கள். மறுவாரமே முழுவதும் கட்டினாலும் அந்த நாளின் கணக்கில் அது வராது. 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்க இருந்த நேரம் அது. லிமிட் 2,00,000 ஆனதும் அதே 45,000 ரூபாய் செலவு 23 சதவீதத்துக்குள் வந்துவிட்டது. செலவு ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. லிமிட்டை ஏற்றுக்கொள்ளலாமா என்பதற்கு நான் வைத்திருக்கிற அளவுகோல் அதுதான்.

மைத்துனர் நிலைமை வேறு. சம்பளம் தள்ளித் தள்ளி வந்ததால் நான்கு மாதமாக மினிமம் டியூ மட்டும் கட்டிக்கொண்டிருந்தார். 60,000 லிமிட்டில் 50,000 பாக்கி. பில்லை எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மினிமம் 5 சதவீதம், அதாவது 2,500. அதைக் கட்டினால் பாக்கி 47,500. அதன் மேல் மாதம் 3.5 சதவீத வட்டி, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, இரண்டும் சேர்ந்து சுமார் 1,960 ரூபாய். அடுத்த பில்லில் மறுபடியும் 49,460 நிற்கும். 2,500 கட்டியவருக்குக் கடன் குறைந்தது 540 ரூபாய். புதிதாக எதுவுமே வாங்காமல் இருந்தால்தான் அதுவும்.

அந்த மாதம்தான் அவருடைய லிமிட்டை 1,80,000 ஆக்க அழைத்தீர்கள். முன்பு போலவே 45 நாள் வட்டியில்லாமல் கிடைக்கும் என்று நம்பி 38,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்கினார். பழைய பில்லில் பாக்கி இருக்கும்வரை வட்டியில்லாக் காலமே கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பது அவருக்குத் தெரியாது. விதிமுறைப் பக்கத்தில் அது இருக்கிறது, சரி. ஆனால் வாழ்த்துகள் என்று வந்த செய்தியில் இல்லை. அந்த ஃபிரிட்ஜுக்கு மட்டும் மாதம் சுமார் 1,570 ரூபாய் வட்டியும் வரியும் ஏறியது. அதாவது பாக்கியை உருட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு நீங்கள் கூட்டிக் கொடுக்கிற லிமிட்டில் எதை வாங்கினாலும் அது முதல் நாளிலிருந்தே வட்டிக் கடன்தான்.

வாடிக்கையாளர் வெளிப்படையாகச் சம்மதிக்காமல் லிமிட்டை உயர்த்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட கார்டு வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. அவர் YES அனுப்பினார், ஆகவே விதி மீறவில்லை என்பீர்கள். எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்துதான் அனுப்பினாரா என்பதுதான் என் கேள்வி.

யார் முழுதாகக் கட்டுகிறார், யார் மினிமம் மட்டும் கட்டுகிறார் என்பது உங்கள் கணினியில் இருக்கிறது. கடைசி மூன்று பில்லில் ஒன்றைக்கூட முழுதாகக் கட்டாதவருக்கு இந்த அழைப்பையே அனுப்பாதீர்கள். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், "உங்கள் கார்டில் இப்போது பாக்கி உள்ளது, புதிதாக வாங்கும் எதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி உண்டு" என்ற ஒரு வரியைத் தமிழில் அந்தச் செய்தியிலேயே சேருங்கள்.

இன்னொன்று. லிமிட்டைக் கூட்ட ஒரு YES போதும். குறைக்க மைத்துனர் வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று முறை போன் செய்து, அப்புறம் மின்னஞ்சலும் அனுப்ப வேண்டியிருந்தது. பழைய 60,000-க்கே திரும்பி, மொத்தப் பாக்கியையும் குறைந்த வட்டி இஎம்ஐ-ஆக மாற்றி, இப்போது கட்டிக்கொண்டிருக்கிறார். இன்னும் 11 தவணை இருக்கிறது. குறைப்பதற்கும் ஆப்பில் ஒரு பட்டன் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து உங்கள் கார்டுதாரர் ஒருவர்