மடியில் வைத்துக்கொள்ளப் போகிறவன் எழுதுவது

அன்புத் தங்கச்சிக்கு,

தை மாதம் கடைசி ஞாயிறு, பாலக்கோட்டில் உங்கள் குலதெய்வம் காளியம்மன் கோயிலில் பாப்பாவுக்கு மொட்டையும் காதுகுத்தும் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். பதினோராவது மாதம், ஒற்றைப்படை. அம்மாவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. எனக்கு மட்டும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அரூர் கடையில் உட்கார்ந்து இருபது வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்குக் காது குத்துகிறேன். என் தங்கச்சி மகளுக்கு நான் குத்த முடியாது. தாய்மாமன் மடி என்று ஒன்று இருக்கிறதே, அன்றைக்கு அதுதான் என் வேலை. குத்துவதற்குக் காரிமங்கலத்துச் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த கை அது.

வளையத்தை மட்டும் நானே செய்கிறேன். நேற்று ஆரம்பித்தேன். கம்மலோ தோடோ இல்லை, வெறும் கம்பி வளையம்தான். ஒரு காதுக்கு அரைக் கிராம்கூட வராது. உங்கள் அத்தை கல் வைத்த தோடு கேட்டதாகச் சொன்னாய். கட்டாயம் செய்து தருகிறேன், ஆனால் பாப்பாவுக்கு இரண்டு வயது ஆகட்டும். ஏன் என்று நீ அவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும், அதனால் முழுதாக எழுதுகிறேன்.

என் பெரியவளுக்கு நடந்தது உனக்குத் தெரியும். அவளுக்கு முதலிலேயே திருகாணி வைத்த தோடு போட்டோம். எல்லாரும் ஆசைப்பட்டார்கள், நானும் ஆசைப்பட்டேன். கழன்று விழுந்துவிடக் கூடாது என்று திருகாணியை ஒரு சுற்று கூடுதலாக இறுக்கியவன் நான்தான். குத்தின காது இரண்டு மூன்று நாள் வீங்கத்தான் செய்யும். வீங்கும்போது முன்னால் தோடும் பின்னால் திருகாணியும் பிடித்து நசுக்கினால் சதை வேறு எங்கே போகும்? ஆறாம் நாள் காலையில் பின்பக்கம் பார்த்தால் திருகாணியே தெரியவில்லை. சதை அதன்மேல் மூடியிருந்தது. ஆஸ்பத்திரியில் மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுத்தார்கள். அந்த அழுகையை நான் இன்னும் மறக்கவில்லை. அன்றையிலிருந்து முதல் குத்துக்குத் திருகாணி வைத்த எதையும் நான் கையில் எடுப்பதில்லை. வளையம் என்றால் காது வீங்கினாலும் சுற்றி இடம் இருக்கும், காற்றுப்படும், தண்ணீர் விட்டுக் கழுவலாம். திருகாணி கழன்று வாய்க்குள் போகும் பயமும் இல்லை.

கம்பி 22 காரட்தான். கவரிங் வேண்டாம், வெள்ளைத் தங்கம் என்று யாராவது ஆசைப்பட்டுக் கொடுத்தாலும் வேண்டாம். அவற்றில் நிக்கல் கலப்பதுண்டு, சில பிள்ளைகளுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் காது அரித்துக்கொண்டே நீர் வடியும். கம்பியச்சில் ஒவ்வொரு கண்ணாக இழுத்து மெலிதாக்கும்போது தங்கம் விறைத்துக்கொண்டே வரும், நெருப்பில் காய்ச்சினால் திரும்ப இளகிவிடும். கடைசி இழுப்புக்குப் பிறகு நான் காய்ச்சவில்லை. அந்த விறைப்பு இருந்தால்தான் முனை வளையாமல் நேராகப் போகும். முனையை அரத்தில் ராவி, நகத்தில் வைத்துப் பார்த்தேன். லேசாகத் தொட்டாலே வழுக்காமல் நிற்கிறது. அதுதான் பதம். மொட்டை முனை சதையைக் கிழித்துக்கொண்டு போகும். கூர் முனை விலக்கிக்கொண்டு போகும், ரத்தமும் ஒரு துளிக்கு மேல் வராது. எங்கும் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கவில்லை, ஒரே கம்பி. குத்தினதும் சித்தப்பா அதையே வளைத்து, முனையை உள்பக்கம் மடித்துவிடுவார். துண்டிலோ சட்டையிலோ மாட்டாது.

இனி புள்ளி. காதுகுத்தில் பாதி வேலை புள்ளி வைப்பதில்தான் இருக்கிறது. நீ பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். பாப்பாவுக்குச் சோனை சின்னது, என் சுண்டுவிரல் நகம் அளவுதான். கீழே தள்ளிப் புள்ளி வைத்தால், பெரியவளாகி ஜிமிக்கி போடும் வயதில் ஓட்டை கனத்துக்கு இறங்கிக்கொண்டே போய்க் காது அறுந்துவிடும். வாரத்துக்கு ஒருவராவது அறுந்த காதோடு கடைக்கு வருகிறார்கள். ரொம்ப மேலே போனால் குருத்தெலும்பில் படும், அங்கே புண் பட்டால் சீக்கிரத்தில் ஆறாது. சோனையின் நடுவில், நூலளவு மேலே இருந்தால் சரி. காதுக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்துப் பார். சோனை முழுக்கச் செக்கச்செவேல் என்று தெரியும், அதற்குள் மெல்லிய நரம்பு கோடு கோடாக ஓடும். கோட்டை விட்டு விலகித்தான் புள்ளி வைக்க வேண்டும். போன தடவை வந்தபோது பாப்பா உன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாளே, அப்போதே பார்த்துவிட்டேன். இடது காதில் நடுவிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. அதனால் இடது புள்ளி முன்பக்கம் சற்றே தள்ளி வரும். வலதை அதற்குத் தகுந்த மாதிரி வைக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு காதும் யாருக்கும் ஒன்றுபோல இருக்காது, ஆகையால் ஸ்கேல் வைத்து அளப்பதில் பிரயோஜனமில்லை. பாப்பாவை நேராக உட்கார வைத்து, எதிரே நாலடி தள்ளி நின்று நீ பார். உன் கண்ணுக்குச் சமமாகப் பட்டால் போதும். புள்ளியை மொட்டைக்கு முன்னாலேயே, அவள் அழ ஆரம்பிக்காதபோதே பார்த்து முடிவு செய்துவிடுவோம். குளித்தபின் அதே இடத்தில் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

மொட்டை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் என் மடியில்தான். முடி எடுப்பவரிடம் நம் கண்ணெதிரே புது பிளேடு மாற்றச் சொல்ல வேண்டும். உச்சிக்குழி இன்னும் முழுசாக மூடவில்லை, அங்கே கை லேசாக வரட்டும். தருமபுரிப் பக்கத் தைக் குளிர் உனக்குத் தெரியும், கோயில் தொட்டித் தண்ணீர் வேண்டாம். பிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துக்கொள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. மொட்டை முடிந்த கையோடு காது குத்தச் சொல்லி நேரம் நெருக்குவார்கள். வெட்டின முடி தூசு மாதிரி காது மடிப்பிலும் கழுத்திலும் ஒட்டியிருக்கும். அது குத்தின ஓட்டைக்குள் போனால் உறுத்தி உறுத்திச் சீழ் பிடிக்கும். முதலில் தலைக்கு ஊற்றி, காதைச் சுற்றித் துடைத்து, புதுச்சட்டை போட்டு, வயிற்றுக்குக் கொடு. அரைமணி நேரம் போகட்டும். தலைக்குச் சந்தனம் பூசலாம், காதோரம் வழியாமல் பார்த்துக்கொள்.

குத்தும்போது வாயில் வெல்லக்கட்டியோ கற்கண்டோ வைக்கக் கூடாது. சடங்குக்கு வைப்பதுதான், நானே வைத்துப் பார்த்திருக்கிறேன். வீறிட்டு அழும் பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கும்போது கட்டி தொண்டையில் போய் நின்றுவிடும். குத்தி முடித்து அழுகை அடங்கினபின் வெல்லத்தை விரலில் தேய்த்து நாக்கில் தடவு. சாமிக்கும் குறையில்லை, பிள்ளைக்கும் பயமில்லை.

பிடிப்பதை என்னிடம் விடு. அவள் முதுகு என் மார்பில் சாய்ந்திருக்கும். ஒரு கை நெற்றியில், ஒரு கை அவள் இரண்டு கையையும் சேர்த்து வயிற்றோடு. கால் என் தொடைக்கு நடுவில். முதல் காதுக்குப் பிள்ளை சும்மா இருக்கும், என்ன நடக்கிறது என்றே தெரியாது. இரண்டாவது காதுக்குத்தான் தலையைச் சடக்கென்று இழுக்கும். கோணல் விழுவதெல்லாம் பெரும்பாலும் அந்தக் காதில்தான். அந்த நேரத்தில் நீ எதிரே நின்று கண்கலங்காதே, சாமி. உன்னைப் பார்த்தால் உன்னிடம் தாவத்தான் பார்ப்பாள். இரண்டு அடி பின்னால் நில், முடிந்ததும் உன் கையில்தான் முதலில் கொடுப்பேன்.

வீட்டுக்குப் போனபின் வேலை கொஞ்சம்தான். கொதித்து ஆறின தண்ணீர் ஒரு கால் லிட்டரில் அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பு. சுத்தமான துணியை அதில் நனைத்து, காலையும் சாயங்காலமும் முன்னும் பின்னும் ஒற்றி எடு. பொருக்கு கட்டியிருந்தால் ஊறவிட்டு எடு, நகத்தால் கிள்ளாதே. வளையத்தைச் சுற்றிவிடச் சொல்வார்கள். நாங்களும் முன்னால் அப்படித்தான் சொல்லி அனுப்பினோம். சுற்றும்போது உள்ளே ஆறிவரும் தோல் திரும்பக் கிழிகிறது, அதனால் இப்போது சொல்வதில்லை. மஞ்சள் பொடியும் பூச வேண்டாம், கட்டியாகி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஆறு வாரத்துக்கு வளையம் அதே இடத்தில் இருக்கட்டும். வெளியே ஆறினமாதிரி தெரிந்தாலும் உள்ளே ஆறியிருக்காது.

வெளிறின நீர் கசிந்து காய்ந்தால் பயப்படாதே, அது ஆறுகிற நீர். மூணு நாளுக்குப் பிறகும் சிவப்பு பரவினால், தொட்டால் சுட்டால், மஞ்சளாகச் சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டு. வளையத்தை நீயாகக் கழற்றாதே. ஓட்டை மேலே மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தங்கிவிடும். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதத்தில் போட வேண்டிய தடுப்பூசிகளைப் பாப்பாவுக்குப் போட்டாயிற்று என்றாய். அதிலேயே ரண ஜன்னிக்கும் சேர்த்து இருக்கிறது. இருந்தாலும் அட்டையை ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள். அந்த வாரம் சளியோ காய்ச்சலோ இருந்தால் என்னிடம் சொல். மாசியில் வைத்துக்கொள்ளலாம், பெரியவர்களிடம் நான் பேசுகிறேன்.

பாப்பாவுக்கு மாமன் என்ன வாழ்த்துச் சொல்ல? அவள் காது நிறைய நல்ல வார்த்தை விழட்டும். நான் போடும் இந்த மெல்லிய கம்பி போய்த் தோடு வரட்டும், தோடு போய் ஜிமிக்கி வரட்டும், ஒவ்வொன்றும் என் பட்டறையில் என் கையால் செய்ததாக இருக்கட்டும். அவளுக்குப் பாவாடை சட்டை, வெள்ளிக் கொலுசு, உனக்கு ஒரு சேலை, தட்டுக்குப் பழம் எல்லாம் அம்மா எடுத்து வைத்தாயிற்று.

நாங்கள் சனிக்கிழமை பொழுது சாயவே வந்துவிடுகிறோம். ராத்திரி அவள் தூங்கினபின் டார்ச் அடித்து அந்த இடது காதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்
அரூர்