கேன்டீன் ஒரு வாரம் மூடல்: பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது, மண்டலப் போட்டிகளில் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள், அனைவருக்கும் வாழ்த்துகள். சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

நவம்பர் 10 திங்கள் முதல் 15 சனி வரை நம் கேன்டீன் இயங்காது. பாத்திரம் கழுவும் தண்ணீரோடு போகிற எண்ணெய், குழாய்க்குள் ஆறி, படிந்து படிந்து வழியை அடைத்துவிட்டது. கொஞ்ச நாளாகத் தண்ணீர் இறங்காமல் கழுவுமிடத்திலேயே எதிர்த்து வருகிறது, தரையும் வழுக்குகிறது. பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதுக் கால்வாய் கட்டி, வெளியே இரண்டு அறை கொண்ட எண்ணெய்த் தொட்டி வைக்கிறோம். எண்ணெய் மேலே மிதந்து நிற்கும், தண்ணீர் மட்டும் அடியிலிருந்து வெளியேறும். ஞாயிறன்று சிமெண்ட் போட்டால் ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும், அதனால்தான் ஒரு வாரம்.

அந்த வாரம் சாப்பாடு வீட்டிலிருந்து வரட்டும். தேங்காய் சாதம், தேங்காய்ச் சட்னி வேண்டாம், காலையில் சூட்டோடு மூடினால் மதியத்துக்குள் கெட்டுவிடும். தயிர் சாதம் என்றால் சோற்றைக் குழைய மசித்துப் பால் ஊற்றி, வெதுவெதுப்பாக ஆறியதும் ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் சேருங்கள், பிள்ளை திறக்கும்போது புளிக்காது. கட்டித்தர முடியாதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள், எலுமிச்சை சாதத்துக்கு ஏற்பாடு செய்கிறோம்.

அப்புறம், முக்கியமாக ஆப் பார்சல். இப்போதே தினமும் கேட்டில் வந்து குவிகிறது. பதினொன்றரைக்கு வரும் பிரியாணி, மதிய மணி அடிக்கும்வரை வாட்ச்மேன் மேசையில் வெயிலில் கிடக்கிறது. யாருக்கு வந்தது என்று அவர் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் கேட்டைப் பார்க்க ஆள் இல்லை. அதிகக் கொழுப்பு, உப்பு, சர்க்கரை உள்ள பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் கேட்டிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 ஆம் ஆண்டு விதி சொல்கிறது. நாங்கள் விற்காத அதே சிப்ஸும் கோலாவும் பார்சலில் உள்ளே வருவதில் என்ன நியாயம்? வேலைக்குப் போகும் வீடுகளில் காலை நேரத்து நெருக்கடி எங்களுக்கும் புரிகிறது. ஆனாலும் 10 ஆம் தேதியிலிருந்து எந்த ஆப் பார்சலும் உள்ளே வராது, யார் போன் செய்தாலும் திருப்பித்தான் அனுப்புவோம். கேன்டீன் திறந்த பிறகும் இதே விதிதான். நீங்களே கொண்டுவந்தால் பெயர், வகுப்பு எழுதி 12.15 மணிக்குள் ஆபீஸில் கொடுங்கள், பிள்ளையிடம் சேர்ப்பது எங்கள் பொறுப்பு.

17 ஆம் தேதி திங்கள் காலை இடைவேளைக்குக் கேன்டீன் திறக்கும். அன்றும் மறுநாளும் மதியச் சாப்பாடு டோக்கன் வாங்கும் எல்லோருக்கும் ஒரு கப் சுண்டல் இலவசம். கையில் இருக்கும் பழைய டோக்கன்கள் மாத இறுதிவரை செல்லும்.

காலையில் அடுப்படியில் உங்களுக்கு இது கூடுதல் வேலைதான். பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்வதற்கு மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்