‘நான்’ கூடியதா, ‘நாங்கள்’ குறைந்ததா?

ரொறன்ரோ
மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். பெப்ரவரி முடிந்தும் சினோ கொட்டுவது விடவில்லை. பகலில் வேர்ஹவுஸ் வேலை, கிழமையில் இரண்டு பின்னேரம் வகுப்பு. கையுறை வாங்கிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கோலிலும் அதையேதான் கேட்பா.

திருகோணமலையிலிருந்து நீங்கள் அனுப்பிய அந்தக் கரையோரத்து நாவலைத்தான் வகுப்புக் கட்டுரைக்கு எடுத்தேன். “பின்பாதியில் கதை சொல்கிறவன் நான் நான் என்று தன்னைப் பற்றியே கதைக்கிறான்” என்று சொன்னீர்களே, அதை எண்ணிக் காட்ட முடியுமா என்று பார்த்தேன். முழு நாவலையும் பல இரவுகள் இருந்து தட்டச்சு செய்து கணினியில் தேடினேன்.

முன்பாதியில் ‘நான்’ 160 தடவை, பின்பாதியில் 270. அக்கா சொன்னது சரி என்று எழுதியிருக்கலாம். ஆனால் பின்பாதி நீளம் கூட. முன்பாதி ஏறத்தாழ 20,000 சொல், பின்பாதி 30,000. ஆயிரம் சொல்லுக்கு எத்தனை என்று பிரித்தால் முன்னே 8, பின்னே 9. இதைக் கூடியது என்று சொல்ல எனக்கு மனமில்லை. ‘நாங்கள்’ வேறு கதை சொன்னது: 120 இருந்தது 60 ஆனது, அதாவது ஆயிரத்துக்கு 6 இருந்து 2. உங்கள் காதில் விழுந்தது ‘நான்’ கூடிய சத்தம் இல்லை, ‘நாங்கள்’ போன வெறுமை என்று நினைக்கிறேன்.

இந்த எண்ணிக்கைகூட லேசில் வரவில்லை. ‘நான்’ என்று தேடினால் ‘நான்கு’ம் வந்து நிற்கும். ‘என்’ என்று தேடினால் ‘என்று’, ‘என்ன’ எல்லாம் அள்ளுப்பட்டு வரும். பாத்திரங்கள் பேசுகிற இடங்களையும் கழிக்க வேண்டும், ஏனென்றால் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி சொல்லும் ‘நாங்கள்’ கதைசொல்லியின் ‘நாங்கள்’ இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், தமிழில் எழுவாயை விட்டுவிட்டே எழுதலாம். ‘வந்தோம், இழுத்தோம், களைத்தோம்’ என்றால் ஒரு ‘நாங்கள்’கூட இல்லை, ஆனால் ஆட்கள் நிற்கிறார்கள். கூட இருந்து படிக்கும் பிள்ளைகள் ஆங்கில நாவலோடு வந்தவர்கள். அவர்களுக்கு இந்தத் தலையிடி அவ்வளவாக இல்லை.

சரி, ‘நாங்கள்’ குறைந்தது என்றே வைப்போம். அது நடையா, கதையா? பின்பாதியில் அவன் கொழும்பில் அறை எடுத்துத் தனியே இருக்கிறான். தனியே இருப்பவன் யாரைச் சேர்த்து ‘நாங்கள்’ சொல்வது? 1964இல் மொஸ்டெலர், வாலஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் அமெரிக்காவின் பழைய அரசியல் கட்டுரைகளில் எது யார் எழுதியது என்று சின்னச் சின்னச் சொற்களை எண்ணிக் கண்டுபிடித்தார்கள். அவர்களே தன்மை, முன்னிலைப் பெயர்களை நம்பவில்லை, பொருள் மாறினால் அவையும் மாறிவிடும் என்று ஒதுக்கிவைத்தார்கள். அதை வாசித்த பிறகு என் 6க்கும் 2க்கும் இருந்த மவுசு குறைந்துவிட்டது.

அப்புறம்தான் கரையில் நின்று கூட்டமாகக் கயிறு இழுக்கும் கரைவலைக் காட்சி நினைவுக்கு வந்தது. நாவலில் அது இரண்டு தரம் வருகிறது. முதலில் பையனாக, பிறகு கொழும்பிலிருந்து லீவில் வந்தவனாக. இடம் அதே கரை, தொழில் அதே தொழில், ஆட்களும் பெரும்பாலும் அதே ஆட்கள். அதனால் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து, கணினியை மூடிவிட்டு, பென்சிலோடு வினைமுற்றுகளை எண்ணினேன். முதல் காட்சியில் ‘நாங்கள்’ என்ற சொல் இரண்டே இடம்தான், ஆனால் ‘ஓம்’ என்று முடியும் வினை 17. இரண்டாவதில் ‘ஆர்கள்’ 12, ‘ஓம்’ 3. அவனும் கயிற்றைப் பிடித்திருக்கிறான், அக்கா! பிடித்துக்கொண்டே ‘இழுத்தார்கள்’ என்கிறான். மிஞ்சிய மூன்று ‘ஓம்’மும் சின்ன வயதை நினைக்கும் வரிகளில் வருகின்றன.

கடைசியில் கட்டுரையில் எழுதியது இவ்வளவுதான்: “ஒரே தொழிலைச் சொல்லும் இரண்டு காட்சிகளில், பின்னையதில் கதைசொல்லி தன்னைக் கூட்டத்துக்கு வெளியே நிறுத்துகிறான், நாவல் முழுக்க ‘நாங்கள்’ குறைவது இதோடு ஒத்துப்போகிறது, ஆனால் அந்தக் குறைவில் எவ்வளவு அவன் தனியே இருப்பதால் வந்தது என்று பிரிக்க முடியவில்லை.” எழுத்தாளரின் நடை என்று எழுதவில்லை, கதைசொல்லியின் பேச்சு என்றுதான் எழுதினேன். எழுத்தாளரைப் பற்றிச் சொல்ல அவருடைய வேறு நாவல்களையும் எண்ண வேண்டும்.

உங்களிடம் ஒரு உதவி. இரண்டாம் பாதியில் கலியாண வீட்டு அத்தியாயம் இருக்கிறது, அங்கேயும் அவன் ஊராரோடு நிற்கிறான். உங்கள் பிரதியில் ‘ஓம்’, ‘ஆர்கள்’ முடிவுகளை அடிக்கோடிட்டு எண்ணி அனுப்புங்கள். பேச்சு வரிகளை விட்டுவிடுங்கள். ‘ஊரார் எல்லாரும் போனோம்’ போல இரண்டும் கலந்து வந்தால் தனியே குறியுங்கள். நான் எண்ணியதை இப்போது சொல்ல மாட்டேன், சொன்னால் உங்கள் பென்சிலும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

அன்புடன்,
தம்பி