குமரி மாவட்டப் பொறியியல் கல்லூரிகளின் ப்ளேஸ்மென்ட் ஆபீசர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

நாகர்கோவிலில் பத்துப் பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகம் என்னுடையது. வருஷத்துக்கு நாலைந்து பிள்ளைகள் உங்கள் கல்லூரிகளிலிருந்து இன்டர்ன்ஷிப்புக்கு வருகிறார்கள். வரும்போதே கையில் ஒரு படிவம். அதில் ‘இந்த வார லிங்க்ட்இன் பதிவின் இணைப்பு’ என்று ஒரு கட்டம், ‘கிட்ஹப் இணைப்பு’ என்று இன்னொரு கட்டம். இரண்டுக்கும் மதிப்பெண் உண்டாம். அந்த இரண்டு கட்டங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு மார்ச் மாதம். மீன் வாங்கி ஏற்றுமதிக்கு அனுப்பும் ஒருவருக்கு நாங்கள் ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். துறைமுகத்தில் ஏலம் எடுத்த கூடை, எடை, விலை எல்லாம் அவருடைய ஆட்கள் போனிலேயே பதிவார்கள். அவர் வீட்டிலிருந்து பார்ப்பார். எங்களிடம் இருந்த மாணவி ஒருத்தி அந்தத் திரையைப் படம் பிடித்து லிங்க்ட்இனில் போட்டாள். பிள்ளை கவனமாகத்தான் இருந்தாள். நிறுவனத்தின் பெயரை மறைத்திருந்தாள், விலைகளைக் கட்டம் கட்டமாகக் கலைத்திருந்தாள். ‘எங்கள் மாவட்டத்தின் ஒரு கடல் உணவு ஏற்றுமதியாளருக்காக’ என்று மட்டும் எழுதியிருந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த முதலாளியின் போன். “தம்பி, தேங்காப்பட்டணத்துக்கு நான் போறது ஒமக்கும் எனக்கும்தானே தெரியும்? ஏலக்காரன் ஒருத்தன் என்கிட்டயே வந்து கேக்கான்!”

படத்தை மறுபடி திறந்து பார்த்தேன். ஓரத்தில் ஒரு தேர்வுப் பட்டியல் விரிந்து கிடந்தது: சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம். அவ்வளவுதான். அவர் அதுவரை கொள்முதல் செய்துவந்தது சின்னமுட்டத்தில் மட்டும். கிழக்குக் கடற்கரைத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. சின்னமுட்டம் அந்தக் கணக்கில் வரும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கரைக் கணக்கு. அங்கே ஜூன் 1-இல்தான் தடை தொடங்கும். அதாவது ஏப்ரல் நடுவில் சின்னமுட்டத்தில் விசைப்படகுகள் நின்றபின், மே முடியும் வரை மேற்கே சரக்கு கிடைக்கும். அந்த ஒன்றரை மாதத்துக்காக ஓசையில்லாமல் ஆள் பிடித்து, ஐஸுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார் மனுஷன். அது போட்டியாளர்களுக்கு மார்ச்சிலேயே தெரிந்துபோயிற்று.

(இதை எழுதும் முன் அவரிடம் வாசித்துக் காட்டினேன். “இப்ப எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், போடும்” என்றார். எழுத்தில் சம்மதம் வாங்கியிருக்கிறேன்.)

பெயரை மறைத்தும் ஆளைக் கண்டுபிடித்தது எப்படி? சென்னையில் ‘ஒரு ஏற்றுமதியாளர்’ என்றால் யாரோ ஒருவர். இங்கே சின்னமுட்டத்தில் வாங்கி, செயலி வைத்துக் கணக்குப் பார்க்கிற அளவுக்கு வசதியுள்ளவர் என்றால் ஏலக்கூடத்தில் நிற்கிற யாரும் விரல் நீட்டிச் சொல்லிவிடுவார்கள். வடசேரியில் கோயில் நகை செய்கிறவர், முந்திரி ஆலைக்காரர், கிளை வைத்த ஜவுளிக்கடை எல்லாருக்கும் இதே நிலைதான். போதாக்குறைக்கு மாணவியின் சுயவிவரத்தில் எங்கள் அலுவலகத்தின் பெயர் இருக்கிறது. எங்களுக்கு யார் யார் வாடிக்கையாளர் என்பது ஊருக்கே தெரியும். பதிவில் இல்லாததை இந்த இரண்டும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றன.

விலையைக் கலைத்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டம் கட்டமாகக் கலைத்த எண்கள் முழுதாக மறைவதில்லை. எழுத்துரு தெரிந்தால் 0 முதல் 9 வரை ஒவ்வொன்றையும் அதே மாதிரி கலைத்து, ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மறைக்கத்தான் வேண்டுமென்றால் முழுக் கறுப்பாகப் பூசி, பூசிய படத்தைப் புதிதாக ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதைப் போட வேண்டும். அதைவிட நல்லது, பொய்த் தரவை நிரப்பிய திரையைப் படம் எடுப்பது. பட்டியலில் ‘இடம் 1, இடம் 2’ என்று இருந்திருந்தால் எனக்கு அந்தப் போன் வந்திருக்காது.

இனி கிட்ஹப் கட்டம். இன்னொரு மாணவர், இன்னொரு வருஷம். மதிப்பெண்ணுக்காக நிரலைப் பொதுவில் ஏற்றினார். தரவுத்தளக் கடவுச்சொல் இருந்த `.env` கோப்பும் கூடவே போய்விட்டது. பத்து நிமிஷத்தில் கவனித்து, கோப்பை நீக்கி மறுபடி ஏற்றிவிட்டார். “சார், எடுத்துட்டேன்” என்றார். அவர் முன்னாலேயே உட்கார்ந்து இதைத் தட்டிக் காட்டினேன்:

```
git log -p --all -- .env
```

கடவுச்சொல் எழுத்துக்கு எழுத்து திரையில் வந்து நின்றது. கிட் பழைய நிலைகளை எல்லாம் வைத்திருக்கும். நீக்கியதையும் ஒரு மாற்றமாகத்தான் எழுதிக்கொள்ளும். வரலாற்றைத் திருத்தி எழுதக் கருவிகள் உண்டு, ஆனால் அதற்குள் யாராவது நகல் எடுத்திருந்தால் அந்த நகலைத் திருத்த முடியாது. பொதுவில் வந்த கடவுச்சொல் போனது போனதுதான். முதல் வேலை அதை மாற்றுவது, அடுத்தது சர்வரின் பதிவுகளில் தெரியாத இடத்திலிருந்து யாரும் நுழைந்தார்களா என்று பார்ப்பது. கோப்பை நீக்குவதெல்லாம் அதற்கப்புறம். அன்று சாயங்காலம் முழுக்க எனக்கு இதுதான் வேலை.

கடவுச்சொல்லே இல்லாவிட்டாலும் அந்த நிரலை ஏற்ற அவருக்கு உரிமை இல்லை. வேலை ஒப்பந்தத்திலோ அப்ரண்டிஸாகவோ இருந்து எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதலாளிக்கு உரியது என்கிறது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. இன்டர்ன் அந்தக் கணக்கில் வருவாரா என்று வாதாடலாம். அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் முதல் நாளே தனித்தாளில் கையெழுத்து வாங்குகிறோம். ஆனால் உங்கள் படிவம் அந்தப் பிள்ளையை எந்த இக்கட்டில் நிறுத்துகிறது என்று பாருங்கள். என் தாளுக்கு உண்மையாக இருந்தால் மதிப்பெண் போகும், உங்கள் தாளுக்கு உண்மையாக இருந்தால் வேலை போகும்.

பிள்ளைகள் எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆள் எடுக்கும்போது நானும் லிங்க்ட்இன் பார்க்கிறவன்தான். ஆனால் டாஷ்போர்டு படம் எனக்கு ஒன்றும் சொல்வதில்லை. அந்த மாணவி நிஜமாகவே ஒரு நல்ல வேலை செய்திருந்தாள். துறைமுகத்தில் சிக்னல் விட்டு விட்டு வரும்; போன் ஒரே கூடையை இரண்டு தடவை அனுப்பும்; கணக்கில் ஒரு கூடை இரண்டாகிவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஒரு தனி அடையாள எண்ணை உண்டாக்கி, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் ஒதுக்கிவிடும்படி செய்தாள். இதை ‘சிக்னல் சரியில்லாத இடத்தில் பதிவுகள் இரட்டிப்பாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி’ என்று எழுதினால் மீனும் வேண்டாம், ஊரும் வேண்டாம், வாடிக்கையாளரும் வேண்டாம். முப்பது வரியில் மாதிரி நிரலை வீட்டில் புதிதாக எழுதி கிட்ஹப்பிலும் போடலாம். அதை வாசித்தால் நானே கூப்பிட்டு வேலை கொடுப்பேன். கொடுத்தேன், இப்போது எங்களோடுதான் இருக்கிறாள்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வாராந்திரப் பதிவு என்பதை எடுத்துவிட்டு, இன்டர்ன்ஷிப் முடிந்தபின் ஒரே ஒரு பதிவு என்று வையுங்கள். ‘பதிவு போடலாம்’ என்ற பொது அனுமதி போதாது. போடப்போகும் வாசகத்தையும் படத்தையும் நிறுவனத்தில் ஒருவர் பார்த்துக் கையெழுத்திடட்டும். எங்களில் யாருக்கும் அது ஐந்து நிமிஷ வேலை. கிட்ஹப் கட்டத்துக்கு நேரே ‘மாணவர் தனியே எழுதிய மாதிரி நிரல், பொய்த் தரவுடன்’ என்று அச்சடியுங்கள். நிறுவனம் அனுமதி மறுத்தால் கைடிடம் நேரில் விளக்கி அதே மதிப்பெண்ணைப் பெறவும் வழி வையுங்கள்.

அடுத்த பிள்ளைகள் டிசம்பரில் வருவார்கள். அதற்குள் படிவத்தை மாற்றுவதாக இருந்தால், வாசகம் எழுதித்தர நான் கல்லூரிக்கே வருகிறேன்.

வணக்கத்துடன்,
வடசேரிப் பக்கத்து ஒரு சிறு மென்பொருள் அலுவலகத்துக்காரன்