ஸ்லைடிங் ஸ்கேல் ஆணையை அட்டவணையாக்கிக் கையெழுத்திட்டுத் தாருங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும், மருத்துவ, அறுவை சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களுக்கும்,

வணக்கம். சர்க்கரை நோயாளிகளுக்கு நீங்கள் கேஸ் ஷீட்டில் எழுதும் ஸ்லைடிங் ஸ்கேல் இன்சுலின் ஆணைகளைப் பற்றி இதற்கு முன் இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் எதுவும் வரவில்லை. சென்ற வாரம் பெண்கள் அறுவை சிகிச்சை வார்டில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அன்றிரவு பணியில் இருந்தவள் என்ற முறையில், அதை இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கால் புண்ணைச் சுத்தம் செய்தபின் படுக்கையில் இருந்த, அறுபது வயதைக் கடந்த அம்மா அவர். அவருடைய ஆணை நான்கு வரிகளில் இருந்தது. 150 முதல் 200 வரை 4, 200 முதல் 250 வரை 6, 250 முதல் 300 வரை 8, 300-க்கு மேல் 10. ஒவ்வோர் எண்ணின் பின்னும் யூனிட் என்பதற்கு அடையாளமாக ஆங்கில 'யூ' எழுத்து எண்ணை ஒட்டியே எழுதப்பட்டிருந்தது. முதல் வரியில் அந்த எழுத்தின் வாய் மூடிப்போய், 4 என்பது 40 ஆகத் தெரிந்தது. அட்மிஷன் அன்று எங்கள் குறிப்பேட்டில் எடுத்த படியிலும் 40 என்றே ஏறிவிட்டது. அந்தத் தவறு எங்களுடையது, அதை மறைக்கவில்லை. முதல் இரண்டு நாள்கள் அவருடைய சர்க்கரை 250-க்குக் கீழே இறங்கவே இல்லை என்பதால் அந்த முதல் வரியை யாரும் பயன்படுத்த நேரவில்லை. மூன்றாம் நாள் இரவு பத்து மணிக்கு ஜி.ஆர்.பி.எஸ். 176 காட்டியது.

பணியில் சேர்ந்து நான்கு மாதங்களே ஆன செவிலியர் ஒருவர் மருந்தை ஏற்றினார். நம் வார்டில் இருப்பது மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்ட குப்பி. அதற்கான சிவப்பு மூடி சிரிஞ்சில் 40 யூனிட் என்றால் சிரிஞ்சு முழுவதும் நிறைந்துவிடும். கடைசிக் கோடு வரை ஏறியதைப் பார்த்த அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டு, "அக்கா, இவ்வளவு போடலாமா?" என்று என்னிடம் வந்தார். மூல ஆணையை எடுத்து விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். முதல் வரி 40, அடுத்த வரி 6. சர்க்கரை ஏற ஏற அளவும் ஏற வேண்டிய ஓர் ஆணையில் அது இறங்கினால், எங்கோ தவறு இருக்கிறது என்று அர்த்தம். பணி மருத்துவர் அவசர அறுவை அரங்கில் இருந்தார். அவர் வந்து "நான்கு" என்று சொல்ல நாற்பது நிமிடங்கள் ஆயின. நிறைந்த சிரிஞ்சில் பத்தில் ஒரு பங்குதான் அந்த அம்மாவுக்கு உரிய அளவு.

இரவு பத்து மணிக்குத் தோலடியில் போடும் ரெகுலர் இன்சுலின் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். அதாவது, நள்ளிரவுக்கும் இரண்டு மணிக்கும் இடையில். அந்த நேரத்தில் போர்வைக்குள் வியர்த்துக் கொட்டும் நோயாளியைத் தூங்குகிறார் என்றே எவரும் எண்ணுவார்கள். சிரிஞ்சு நிறைந்ததைப் பார்த்து ஒரு பெண்ணுக்கு மனம் துணுக்குற்றதால் மட்டுமே இந்த மடலை ஒரு சாவைப் பற்றி எழுதாமல் இருக்கிறேன்.

எழுத்தின் தெளிவு மட்டுமே பிரச்சினை என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. அதே ஆணையை அச்சிட்டுத் தந்திருந்தாலும், சரியாக 200 என்று வந்தால் போட வேண்டியது 4-ஆ, 6-ஆ என்பதற்கு அதில் விடை இல்லை; இரண்டு வரிகளும் அந்த எண்ணைச் சொந்தம் கொண்டாடுகின்றன. 150-க்குக் கீழே என்ன செய்வது, 300-க்கு மேல் எதுவரை 10 யூனிட், எப்போது உங்களை அழைப்பது என்பதும் இல்லை. சாப்பாட்டுக்கு முன் மட்டுமா, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையா, படுக்கப்போகும் நேரத்துக்கும் இதே அளவா என்பதும் இல்லை. இவற்றை இன்று வரை செவிலியர்கள் ஊகித்தே நிரப்பி வருகிறோம். மருந்தின் அளவை ஊகிக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. அப்படிப்பட்ட நிலையில் எங்களை வைக்கும் உரிமை உங்களுக்கும் இல்லை என்று பணிவுடன் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் முதுநிலை மருத்துவர் ஒருவரிடம் இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் சொன்னதை அட்டவணையாக எழுதி, அவருடைய கையெழுத்தையும் வாங்கினோம்.

| சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன் ஜி.ஆர்.பி.எஸ். (மி.கி./டெ.லி.) | ரெகுலர் இன்சுலின், தோலடியில் |
|---|---|
| 70-க்குக் கீழ் | இன்சுலின் வேண்டாம். தாழ்சர்க்கரைக்குச் சிகிச்சை, உடனே மருத்துவருக்குத் தகவல் |
| 70 – 149 | இன்சுலின் வேண்டாம் |
| 150 – 200 | 4 யூனிட் |
| 201 – 250 | 6 யூனிட் |
| 251 – 300 | 8 யூனிட் |
| 301 – 400 | 10 யூனிட் |
| 400-க்கு மேல் | மருத்துவரை அழைத்து, அவர் சொன்ன பின்னரே |

படுக்கப்போகும் நேரத்தில் இந்த அளவுகள் பொருந்தா என்பதையும் அவரே கீழே எழுதினார். இது அந்த ஒரு நோயாளிக்கான அட்டவணை. வேறு எவருக்கும் இதைப் படியெடுக்கக் கூடாது. எந்த எண்ணும் இரண்டு வரிகளில் வரவில்லை, எந்த எண்ணும் விடுபடவும் இல்லை என்பதைத்தான் இதில் நீங்கள் கவனிக்க வேண்டும். மூல ஆணையில் இல்லாத வரிகளை நாங்கள் சேர்க்கவில்லை. கேட்டோம், மருத்துவர் சேர்த்தார்.

பின்பு இரண்டு செவிலியர்கள் அதைச் சரிபார்த்தோம். ஒருவர் மூல ஆணையைச் சத்தமாகப் படிக்க, மற்றவர் அட்டவணையில் விரல் வைத்து வந்தார். அதன்பின் 149, 150, 200, 201, 250, 251 என்று விளிம்பு எண்களைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விடை எழுதி ஒப்பிட்டோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று நாள்கள் கேஸ் ஷீட்டில் கிடந்த தவறு, இப்படி ஒரு முறை பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன், மருந்து ஆணைகளில் பயன்படுத்தக் கூடாத சுருக்கக் குறிகளின் பட்டியலை 2004-இல் வெளியிட்டபோதே அந்த 'யூ' எழுத்து அதில் இருந்தது; சுழியமாகப் படிக்கப்படும் என்பதுதான் காரணம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தினசரி அடிப்படை இன்சுலின் இல்லாமல் ஸ்லைடிங் ஸ்கேலை மட்டும் நம்பி நோயாளியை நாள்கணக்கில் வைத்திருப்பதை அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதலே ஊக்குவிப்பதில்லை. ஆனால், எங்கள் வார்டுகளில் முதல் நாள் எழுதிய ஸ்கேல் ஐந்தாம் நாளும் எவரும் திரும்பிப் பாராமல் தொடர்கிறது. காலையில் 280, மதியம் 310 என்று நாங்கள் எழுதி வைக்கும் பக்கத்தை ரவுண்ட்ஸில் யாரும் புரட்டுவதில்லை. மனம் பொறுக்காமல் இதைச் சொல்லிவிட்டேன். சிகிச்சை முறை உங்கள் முடிவு; அதற்குள் நான் நுழையவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். ஸ்கேல் எழுதும் மருத்துவரே அதை ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வரிகளாக, 'யூனிட்' என்ற சொல்லை முழுமையாக எழுதி, நேரத்தையும் மேல் கீழ் எல்லைகளையும் குறித்து, அட்டவணையாகக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். பணிச்சுமையால் செவிலியர்தான் அட்டவணையாக்க வேண்டும் என்றால், மருத்துவர் கையெழுத்திடும் வரை அதிலிருந்து ஒரு யூனிட்கூடப் போட மாட்டோம் என்பதை நிர்வாகம் ஏற்று எழுத்தில் தர வேண்டும். அளவு மாறினால் பழைய எண்ணின் மேலேயே திருத்தாமல், பழைய தாளைக் கோடிட்டு அடித்துவிட்டுப் புதிய தாள் எழுத வேண்டும்.

வெற்றுப் படிவத்தின் மாதிரி ஒன்றைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். ஒரு பக்கம்தான். இன்று இரவு எங்கள் வார்டில் ஸ்லைடிங் ஸ்கேலில் ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்களில் நால்வரின் ஆணைகளில் 200 என்ற எண் இன்னும் இரண்டு வரிகளில் இருக்கிறது. இரவுப் பணி எட்டு மணிக்குத் தொடங்குவதற்குள் அந்த நான்கையாவது திருத்தித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெண்கள் அறுவை சிகிச்சை வார்டின் செவிலியர் ஒருவர்